பிரீபெய்டில் வேலிடிட்டி முடிந்தால் காசு எங்கே போகிறது, மிச்ச டேட்டா எங்கே போகிறது?

கேள்வி: "அம்மா நம்பருக்கு ஜூன் 3-ஆம் தேதி ராத்திரி 9 மணிக்கு 28 நாள் பேக் போட்டேன், தினம் 1.5 ஜிபி. தனியாக 100 ரூபாய் டாப்-அப் இரண்டு தடவை போட்டேன்; 163.50 ரூபாய்தான் ஏறியது. ஜூன் 29 அன்று ஒரு டேட்டா பேக்கும் போட்டேன், அதில் பாதிகூட செலவாகவில்லை. ஜூலை 1 காலையில் அம்மாவால் யாருக்கும் போன் பேச முடியவில்லை, நெட்டும் இல்லை. ஆனால் 163.50 அப்படியே காட்டுகிறது. அந்தக் காசு போச்சா? அம்மா ஒரு நாளைக்கு அரை ஜிபிகூடச் செலவழிக்க மாட்டார்கள். ரோல்ஓவர் உண்டு என்று விளம்பரத்தில் பார்த்தேனே, மிச்சம் இருக்கும் 28 ஜிபி எங்கே?"

பதில்:

காசு போகவில்லை. டேட்டா போய்விட்டது, அது திரும்பாது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

ஒரு பிரீபெய்டு சிம்முக்குள் தனித்தனியாக மூன்று கணக்குகள் ஓடுகின்றன. முதலாவது மெயின் பேலன்ஸ், அதாவது ரூபாயில் இருக்கும் பணம். இரண்டாவது வேலிடிட்டி, அந்த நம்பரிலிருந்து எந்தத் தேதிவரை வெளியே பேசலாம் என்ற கெடு. மூன்றாவது பேக்கில் வரும் ஒதுக்கீடு: இத்தனை ஜிபி, இத்தனை எஸ்எம்எஸ், அளவில்லாத அழைப்பு. கடைக்காரர் மூன்றையும் 'பேலன்ஸ்' என்றே சொல்வார், வரும் எஸ்எம்எஸ்ஸும் பல நேரம் அப்படியே சொல்லும். குழப்பம் தொடங்குவது அந்த ஒரு சொல்லில்தான்.

டாப்-அப்பிலிருந்து தொடங்குவோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த தொலைத்தொடர்பு நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறைகள்படி டாப்-அப் என்பது பணம் மட்டும் ஏற்றுவது. அதற்கு வேலிடிட்டி கிடையாது. இத்தனை நாளுக்குள் செலவழி என்று நிறுவனம் கெடு வைக்கக் கூடாது. 100 ரூபாய்க்கு 81.75 வந்ததற்கும் கணக்கு இருக்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டி அந்த 100-க்குள்ளேயே அடங்கியது. அதைக் கழித்தால் 84.75. பிறகு செயலாக்கக் கட்டணம் என்று விலையில் 10 சதவீதம் அல்லது 3 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம். இங்கே 3 ரூபாய் போக 81.75. இரண்டு தடவைக்கு 163.50, சரியாக வருகிறது. 10 ரூபாய் டாப்-அப்பில் 7.47 மட்டும் ஏறுவதும் இதே கணக்குதான். நீங்கள் ஒரே தடவையாக 200 போட்டிருந்தால் செயலாக்கக் கட்டணம் ஒரு முறைதான் போயிருக்கும், 166.49 கிடைத்திருக்கும். சின்னச் சின்னதாகப் பலமுறை ஏற்றுபவர்களுக்கு இது சேர்ந்துகொண்டே போகும் நஷ்டம்.

பணம் இருக்கும்போது ஏன் அழைப்பு போகவில்லை? வேலிடிட்டி ஜூன் 30 நள்ளிரவோடு முடிந்துவிட்டது. டாப்-அப் பணத்தைக் கூட்டும், வேலிடிட்டியை ஒரு நாள்கூட நீட்டாது. முன்பெல்லாம் 'வாழ்நாள்' சிம் என்று வாங்கிவிட்டால் பத்து இருபது ரூபாய் போட்டுக்கொண்டே காலம் தள்ளலாம். 2018 இறுதியில் நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜ் முறையைக் கொண்டுவந்த பிறகு அது முடிந்தது. இப்போது வேலிடிட்டி தரும் பேக் உயிரோடு இருந்தால்தான் மெயின் பேலன்ஸை வைத்துப் பேசவே முடியும். கெடு முடிந்ததும் முதலில் வெளியே போகும் அழைப்பு நிற்கும். சில நாள் கழித்து உள்ளே வரும் அழைப்பும் நிற்கும். அடுத்த பேக் போட்ட நிமிடம் அந்த 163.50 மறுபடி பயன்பாட்டுக்கு வரும்.

இந்த மாற்றம் வந்தபோது, கணக்கில் போதுமான பணம் வைத்திருந்தவர்களுக்கும் 'ரீசார்ஜ் செய்யாவிட்டால் இணைப்பு போகும்' என்று எஸ்எம்எஸ் வந்தது. அதன்மேல் 2018 நவம்பரில் டிராய் தலையிட்டது. கெடு என்று முடிகிறது, என்னென்ன குறைந்தபட்ச பேக்குகள் உண்டு, இருக்கும் பேலன்ஸிலிருந்தே பேக் வாங்க என்ன வழி என்று வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கச் சொன்னது. எனவே புதிதாகப் பணம் கட்டுவதற்கு முன், 121-க்கு அழைத்து "மெயின் பேலன்ஸிலிருந்து எந்த பேக் எடுக்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். அம்மாவின் கணக்கில் இருப்பது சின்னத் தொகை இல்லை.

அம்மா கொஞ்ச நாளைக்கு எதுவுமே போடாமல் விட்டால் நம்பர் என்ன ஆகும்? இதற்கு டிராய் 2013-இல் செய்த திருத்தம் இருக்கிறது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் இருந்தால்தான் நம்பரை முடக்கலாம். அழைப்பு போவது, வருவது, எஸ்எம்எஸ் அனுப்புவது, நெட் பயன்படுத்துவது எல்லாமே பயன்பாடுதான். 90 நாள் தாண்டினாலும் கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் முடக்கக் கூடாது. அதிலிருந்து 20 ரூபாய் வரை பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். பேலன்ஸ் 20-க்குக் கீழே போகும்வரை இது தொடரும். அதன் பிறகு முடக்கினாலும், அதே நம்பரை மீட்டுக்கொள்ள 15 நாள் அவகாசம் தர வேண்டும்.

உங்கள் கணக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். கடைசிப் பயன்பாடு ஜூன் 30 என்று வைத்துக்கொண்டால் செப்டம்பர் 28-இல் 90 நாள் ஆகிறது. 163.50-இலிருந்து 20 ரூபாயாக எட்டு தடவை பிடிக்கலாம், அது 240 நாள். கடைசியில் 3.50 மிஞ்சும். காகிதத்தில் பார்த்தால் நம்பர் கிட்டத்தட்ட பதினோரு மாதம் உயிரோடு இருக்கும்.

இதை நம்பி அம்மாவின் நம்பரைச் சும்மா போட்டு வைக்காதீர்கள். இந்த விதி காப்பாற்றுவது நம்பரின் உரிமையை மட்டுமே, சேவையை அல்ல. உள்ளே வரும் அழைப்பு நின்ற பிறகு வங்கி ஓடிபி வருமா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. நம்பர் முடக்கப்பட்டால் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் தர மாட்டார்கள்; அதன் பிறகு தருவார்கள். அப்போது அந்த நம்பரோடு சேர்ந்த வாட்ஸ்அப், வங்கிக் கணக்கு, கேஸ் பதிவு எல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கும் நம்பரைக் காட்டிக்கொண்டிருக்கும். முடக்கப்பட்ட நம்பர்களைக் கண்டறிந்து யுபிஐ-யிலிருந்து நீக்க, வாரம் ஒருமுறையாவது பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரல் முதல் வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் விதி இருக்கிறது.

மெயின் பேலன்ஸ் உண்மையிலேயே காணாமல் போகும் இடங்களும் உண்டு, அவற்றுக்கு வேலிடிட்டி காரணம் அல்ல. முதலாவது, நம்பரை வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்வது. மாறும் அன்று பழைய கணக்கில் இருக்கும் பணம் அப்படியே காலாவதி ஆகும். நீங்கள் ஒப்புக்கொள்ளும் நிபந்தனையிலேயே அது இருக்கிறது. போர்ட் கேட்பதற்கு முன்னால் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட வேண்டும். இரண்டாவது, டேட்டா கசிவு. தினசரி அளவு இல்லாமல் மொத்தமாக 2 ஜிபி, 6 ஜிபி என்று தரும் பேக்குகளில் அளவு முடிந்ததும் வேகம் குறைவதற்குப் பதிலாக, மெயின் பேலன்ஸிலிருந்து ஒரு எம்பிக்கு 50 காசு என்று பிடிக்கும் திட்டங்கள் இருக்கின்றன. 163.50 ரூபாய்க்கு அந்த விலையில் 327 எம்பிதான். போனில் இரண்டு செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொண்டால் அது தீர்ந்துவிடும். போனை யாரும் கையால்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். எனவே இந்த வகை பேக் போட்டிருப்பவர்கள், அளவு முடிந்தது என்ற எஸ்எம்எஸ் வந்ததும் மொபைல் டேட்டாவை அணைக்க வேண்டும். மூன்றாவது, எஸ்எம்எஸ். யுபிஐ செயலியைப் புதிய போனில் பதிவு செய்யும்போது அது தானாகவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். பேக்கில் எஸ்எம்எஸ் இல்லாவிட்டால் அதற்கு ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் என்று பிடிக்கும். பேலன்ஸ் பூஜ்யமாக இருந்தால் பதிவே தோற்றுப்போகும். "யுபிஐ ஆக்டிவேட் ஆகவில்லை" என்று வங்கியோடு சண்டை போடுபவர்களில் பலருக்கு உண்மையான குறை இதுதான். இதற்காகவே பத்து ரூபாய் டாப்-அப் ஒன்றைக் கணக்கில் விட்டுவைப்பது நல்லது.

இனி டேட்டா. "தினம் 1.5 ஜிபி, 28 நாள்" என்பதை 42 ஜிபி என்று மனக்கணக்கு போடுவதுதான் தவறு தொடங்கும் இடம். நிறுவனங்களே விளம்பரத்தில் 'மொத்தம் 42 ஜிபி' என்று போடுவதால் அந்தக் கணக்கு இயல்பாக வருகிறது. ஆனால் அங்கே 42 ஜிபி உள்ள ஒரே தொட்டி கிடையாது, 1.5 ஜிபி பிடிக்கும் 28 குடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நள்ளிரவிலும் அன்றைய குடத்தைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை வைக்கிறார்கள். அம்மா அரை ஜிபி செலவழித்தால் மிச்சம் ஒரு ஜிபி அன்று இரவே போய்விட்டது. நீங்கள் கேட்கும் 28 ஜிபி எங்கும் சேர்ந்து கிடந்து ஜூன் 30 அன்று பறிபோகவில்லை. தினமும் ஒவ்வொன்றாக, எந்த எஸ்எம்எஸ்ஸும் இல்லாமல் போயிருக்கிறது.

பெரும்பாலான திட்டங்களில் ரீசார்ஜ் செய்யும் நாளே முதல் நாள். ஜூன் 3 ராத்திரி 9 மணிக்குப் போட்டதால் முதல் குடத்துக்கு மூன்று மணி நேரம்தான் ஆயுள். 3-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 28-ஆவது நாள் ஜூன் 30. ஜூலை 1 அன்று நின்றதற்குக் காரணம் இதுதான், ஏமாற்று ஒன்றும் இல்லை. அடுத்த முறை பழைய கெடு முடிந்துவிட்ட நிலையில் ராத்திரி ரீசார்ஜ் செய்ய நேர்ந்தால், அவசரம் இல்லை என்றால் விடிந்து செய்யுங்கள். ஒரு முழு நாள் கூடக் கிடைக்கும்.

ரோல்ஓவர் என்று நீங்கள் பார்த்த விளம்பரம் பெரும்பாலும் போஸ்ட்பெய்டுக்கானது. ஏர்டெல் 2017-இல் போஸ்ட்பெய்டில் இதைக் கொண்டுவந்தது, ஜியோ 2020-இல் போஸ்ட்பெய்டு பிளஸ் திட்டங்களில் 200 ஜிபி, 500 ஜிபி வரை சேரும் என்று அறிவித்தது. அங்கே மாதத்துக்கு மொத்தமாக ஒரு அளவு தருகிறார்கள், பில் சுழற்சி முடியும்போது மிச்சம் அடுத்த மாதத்தோடு சேர்கிறது. அதற்கும் உச்சவரம்பு உண்டு. பிரீபெய்டு தினசரி பேக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ரோல்ஓவர் என்றும் ஓரத்தில் சின்ன எழுத்தில் போஸ்ட்பெய்டு என்றும் இருந்தால் யாரும் ஏமாறத்தான் செய்வார்கள். உங்கள் தவறு இல்லை.

பிரீபெய்டில் ரோல்ஓவர் என்ற பெயரிலேயே பரவலாகத் தெரிந்தது வி நிறுவனம் 2020-இல் தொடங்கிய வார இறுதி ரோல்ஓவர். அதையும் நிறையப் பேர் தப்பாகப் படிக்கிறார்கள், ஆகவே ஒரு வாரத்தைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். 1.5 ஜிபி பேக். திங்கள் முதல் வெள்ளி வரை ஒருவர் தினம் 0.9 ஜிபி செலவழிக்கிறார் என்றால் நாளுக்கு 0.6 மிஞ்சும். ஐந்து நாளுக்கு 3 ஜிபி. அது சனி, ஞாயிறுக்குப் போகும். சனிக்கிழமை முதலில் அன்றைக்குரிய 1.5 ஜிபி தீர வேண்டும், அதன் பிறகுதான் சேர்த்து வைத்த 3 ஜிபி செலவாகத் தொடங்கும். ஞாயிறு நள்ளிரவோடு அதில் எது மிஞ்சினாலும் போய்விடும். அடுத்த வாரத்துக்குச் சேராது. பேக் வியாழக்கிழமையே முடிகிறது என்றால் அந்த வாரம் சேர்ந்தது வார இறுதியைப் பார்க்காது. இந்த வசதி எல்லாப் பேக்குக்கும் கிடையாது, குறிப்பிட்ட பேக்குகளுக்கே உண்டு. பேக்கின் விவரப் பக்கத்தில் எழுதியிருந்தால்தான் இருக்கிறது என்று அர்த்தம். வார இறுதியிலும் அரை ஜிபியைத் தாண்டாத உங்கள் அம்மாவைப் போன்றவருக்கு இந்த ரோல்ஓவரால் ஒரு எம்பிகூடப் பயனில்லை என்பதையும் கவனியுங்கள். அன்றைய குடமே தீராதபோது சேமித்ததைத் தொட வழியே வராது.

ஜூன் 29 அன்று போட்ட டேட்டா பேக்கின் கதை வேறு. டேட்டா பேக்குகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, வேலிடிட்டி என்ற இடத்தில் 'தற்போதைய திட்டத்தின் வேலிடிட்டி' என்று போட்டிருக்கும். அதற்குச் சொந்த ஆயுள் இல்லை. அடிப்படை பேக் என்று முடிகிறதோ அன்று இதுவும் முடியும். இரண்டாவது, ஒரு நாள், 7 நாள், 30 நாள் என்று தனக்கென ஒரு எண் வைத்திருக்கும். நீங்கள் போட்டது முதல் வகையாக இருந்திருக்க வேண்டும். கெடுவுக்கு ஒரு நாள் முன்பு வாங்கியதால் இரண்டு நாளில் செத்துவிட்டது. இரண்டாம் வகையிலும் கவனிக்க ஒன்று உண்டு: 30 நாள் என்று எழுதியிருந்தாலும் அடிப்படை பேக் இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாத திட்டங்கள் உண்டு, அதுவும் பேசும் வேலிடிட்டியைத் தராது. போதாததற்கு, டேட்டா பேக் செலவாகத் தொடங்குவதே அன்றைய 1.5 ஜிபி தீர்ந்த பிறகுதான். அரை ஜிபி செலவழிக்கும் நாளில் அதைப் போட்டது கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும்போது லாரித் தண்ணீர் வாங்கியதுபோல். அன்று நெட் மெதுவாக இருந்ததால் போட்டீர்கள் என்றால், காரணம் சிக்னலாக இருந்திருக்கும். தினசரி அளவு தீர்ந்திருந்தால் வேகம் பொதுவாக 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கும்: வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், படம் சுற்றிக்கொண்டே நிற்கும், வீடியோ ஓடாது. அளவில் பாதி, 90 சதவீதம், முழுவதும் தீரும்போது நிறுவனம் தகவல் அனுப்ப வேண்டும் என்பது 2016 முதல் டிராய் விதி. அந்தத் தகவல் வரவில்லை என்றால் அளவு தீரவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

கெடுவுக்கு முன்பே அடுத்த பேக் போட்டால் பழைய மிச்சம் புதியதோடு சேரும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஜியோவில் முன்கூட்டியே போட்ட பேக் வரிசையில் காத்திருக்கும். இப்போதைய பேக் முடிந்த பிறகு தொடங்கும். நாட்கள் வீணாகாது, ஆனால் தினசரி டேட்டா இரட்டிப்பாகவும் ஆகாது. மற்ற நிறுவனங்களில் பேக்கைப் பொறுத்து நடைமுறை மாறும். ஆகவே ரீசார்ஜ் முடிந்ததும் செயலியில் புதிய கெடு தேதியைப் பாருங்கள். பழைய தேதியோடு 28 நாள் கூடியிருக்கிறதா என்று எண்ணுங்கள். கூடாவிட்டால் அன்றே கேளுங்கள். கெடு முடிந்து நாலு நாள் கழித்துப் போட்டால் அந்த நாலு நாளுக்குப் பணம் பிடிப்பதில்லை, புதிய 28 போட்ட நாளிலிருந்து ஓடும்.

அம்மாவுக்கு என்ன பேக் சரி என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் பணம் வீணாவது அங்கேதான். போனின் அமைப்புகளில் டேட்டா பயன்பாடு என்ற பகுதியில் கடந்த 28 நாள் மொத்தத்தைப் பாருங்கள். நாளுக்கு அரை ஜிபி சீராகச் செலவானால் அது 14 ஜிபி. அதற்குத் தினசரி 1 ஜிபி பேக் இருந்தால் போதும். வீட்டில் வைஃபை இருந்து மொபைல் டேட்டா இரண்டு மூன்று ஜிபிக்குள் நிற்கிறது என்றால் மொத்த அளவு தரும் பேக் எடுங்கள். நள்ளிரவுக் கவிழ்ப்பு அதில் இல்லை, கடைசி நாள்வரை இருக்கும். நெட்டே வேண்டாதவர்களுக்காக, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் கட்டாயமாக்கியது. செயலியின் முதல் பக்கத்தில் அது கண்ணில் படாது, தேடி எடுக்க வேண்டும். 28 நாள் பேக் என்றால் வருடத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜ் என்பதையும் விலையை ஒப்பிடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். 30 நாள் பேக்கும், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக்கும் குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022 முதல் விதி உண்டு. தேதி நினைவில் வைக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு அது வசதி.

இப்போது செய்ய வேண்டியது இது. மெயின் பேலன்ஸிலிருந்து எடுக்காமல் தனியாகப் பணம் கட்டிப் பேக் போட்டால், அதன் பிறகு மெயின் பேலன்ஸைப் பாருங்கள். 163.50 அப்படியே இருந்தால் பிரச்சினை முடிந்தது. குறைந்திருந்தால் 198-க்கு இலவசமாக அழைத்து, "மெயின் பேலன்ஸ் குறைந்திருக்கிறது" என்று சொல்லிப் புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். 121 தகவலுக்கான எண், அங்கே பேசியது புகாராகப் பதிவாகாமல் போகலாம். கூடவே செலவு விவரப் பட்டியல் கேளுங்கள்: கடந்த ஆறு மாதத்துக்குள் எந்தக் காலத்துக்கும், 50 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில், பிரீபெய்டு வாடிக்கையாளருக்கும் அதை 30 நாளுக்குள் தர வேண்டும். பணம் டேட்டாவுக்குப் போனதா, எஸ்எம்எஸ்ஸுக்கா, கேட்காத சேவை எதற்காவதா என்று அதில் வரிவரியாகத் தெரியும். கேட்காத சேவை என்றால் பணத்தைத் திருப்பி வாங்கலாம். பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போக வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிப்பட்ட புகார்களை எடுப்பதில்லை, அங்கே எழுதி நாளைக் கடத்தாதீர்கள். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் pgportal.gov.in தளத்தில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்து, முதலில் வாங்கிய புகார் எண்ணையும் மேல்முறையீட்டு எண்ணையும் சேர்த்துப் பதியுங்கள். 28 ஜிபிக்காக இந்த வழியில் போவதில் பயன் இல்லை. பேக்கின் நிபந்தனையே அதற்கு எதிராக இருக்கிறது. மெயின் பேலன்ஸில் ஒரு ரூபாய் காரணமில்லாமல் குறைந்திருந்தாலும் போகலாம்.